கைதட்டி மலையை அளந்தேன், மூன்று விடை வந்தது

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 9, இரவு 9.40

செஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு மொட்டைப் பாறைக் குன்று இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சுவர் எழுப்பிய மாதிரி நேராக நிற்கும். எதிரே அறுவடை முடிந்த வயல். இன்று மதியம் மகனோடு அங்கே போய், எதிரொலி எத்தனை நொடியில் திரும்புகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்குப் போட்டேன். கைதட்டினால் சத்தம் போதவில்லை. தச்சுப் பட்டறையில் வாங்கிய இரண்டு தேக்குச் சட்டங்களை ஒன்றோடு ஒன்று அடித்தேன், சுரீரென்று கேட்டது.

முதலில் ஸ்டாப்வாட்ச். நான் அடிப்பேன், மகன் அழுத்துவான், எதிரொலி கேட்டதும் நிறுத்துவான். ஐந்து தடவை: 1.47, 1.62, 1.46, 1.54, 1.66. சராசரி 1.55 நொடி.

அப்புறம் தாளம். எதிரொலி வந்து விழும் அதே கணத்தில் அடுத்த அடியை அடிக்க வேண்டும். பழக ஐந்து நிமிடம் ஆனது. சரியாகப் பொருந்தினால் எதிரொலி காணாமல் போய்விடுகிறது, நம் அடிக்குள்ளேயே அது ஒளிந்துகொள்கிறது. அப்படி 20 அடி அடித்தேன். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை 25.3 நொடி. ஓர் அடிக்கு 1.265.

மூன்றாவது, போனில் பதிவு செய்து வீட்டுக்கு வந்து Audacity-யில் திறந்து, அடியின் முனைக்கும் எதிரொலியின் முனைக்கும் நடுவே அளந்தது. 1.334.

வெயில் 31 டிகிரி, அதனால் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்தேன். போய் வருவதால் பாதி. விடைகள் வரிசையாக 271, 221, 233 மீட்டர். போன் மேப்பில் கோடு இழுத்துப் பார்த்தால் 229. ஒரே பாறை, ஒரே மதியம், 50 மீட்டர் வித்தியாசம். எதை நம்புவது?

செம்மண் பைக்கர் | பிப்ரவரி 9, இரவு 10.05

மூணுமே தப்பு. மின்னல் பார்த்ததும் எண்ணுவோமே, மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 1.33 நொடி என்றால் 440 மீட்டர் சொச்சம் வரணும்.

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 9, இரவு 10.11

இடி ஒரு வழிப் பயணம் தம்பி. இது ரிட்டர்ன் டிக்கெட். நீங்கள் சொல்லும் 440-ஐப் பாதியாக்கினால் 220 வருகிறது, கிட்டத்தட்ட என் இரண்டாவது விடை. அதுதான் இன்னும் குழப்புகிறது.

முதுநகர் என்ஜின் | பிப்ரவரி 10, காலை 5.50

நான் போட் மெஷின் வேலை பார்ப்பவன். எங்கள் எக்கோ சவுண்டரில் வேகம் 1500 என்று போட்டு வைத்திருப்போம். 1.33 நொடிக்கு அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழம் காட்டும். உங்கள் குன்று ஒரு கிலோமீட்டர் தள்ளியா இருக்கிறது?

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 10, காலை 7.15

அண்ணே, அது கடல் தண்ணீரில். நான் வயலில் நின்றேன், முழங்கால் தண்ணீர்கூட இல்லை.

வில்லியனூர் வாத்தியார் | பிப்ரவரி 10, மாலை 4.30

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஸ்டாப்வாட்ச் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் ஐந்து அளவுகளும் 1.334-க்கு மேலேதான் இருக்கின்றன, ஒன்றுகூடக் கீழே இல்லை. தற்செயலான பிழை என்றால் இரண்டு பக்கமும் சிதறும். இது ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. உங்கள் மகனுடைய விரலில் சுமார் 0.2 நொடி தங்குகிறது. தூரத்தில் அது 35 மீட்டர்.

செம்மண் பைக்கர் | பிப்ரவரி 10, மாலை 4.52

விரல் தாமதம் என்றால் தொடங்கும்போதும் அதே தாமதம்தானே சார்? இரண்டும் கழிந்து போய்விடும்.

வில்லியனூர் வாத்தியார் | பிப்ரவரி 10, மாலை 5.20

பாதி சரி. பையன் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டு இரண்டு முறையும் அழுத்தியிருந்தால் பெரும்பகுதி கழிந்திருக்கும். ஆனால் அவன் அப்பாவின் கை மேலே போய்க் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பான். சட்டம் மோதும் நேரம் அவனுக்கு முன்கூட்டியே தெரியும், விரலும் கூடவே இறங்கிவிடும். எதிரொலி எப்போது வரும் என்பது தெரியாது. அதனால் தாமதம் முடிவில் மட்டும் சேர்கிறது. கண்ணை மூடச் சொல்லி மறுபடி அளந்து பாருங்கள்.

தாளத்தில் இந்தச் சிக்கலே இல்லை. எதிரொலிக்காகக் காத்திருந்து அடிப்பதில்லை, அது வரும் நேரம் பழகிப்போய் அதோடு சேர்ந்து அடிக்கிறோம். நியூட்டன் இதே வேலையைக் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி நடைக்கூடத்தில் செய்தார். எதிரொலி திரும்பும் நேரத்தோடு ஊசலின் ஆட்டத்தை ஒப்பிட்டார். அவருக்குத் தூரம் தெரியும், வேகம் தெரியாது. உங்களுக்கு வேகம் தெரியும், தூரம் தெரியாது.

ஆனால் ஒன்று. தாளம் நல்ல முறை என்றால் 221 ஏன் வந்தது? அது எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.

செம்மண் பைக்கர் | பிப்ரவரி 10, இரவு 8.02

காற்று! மதியம் கடல்காற்று ஏறியிருக்கும். போகும்போது தள்ளும், வரும்போது தடுக்கும்.

வில்லியனூர் வாத்தியார் | பிப்ரவரி 11, காலை 6.40

போகும்போது தள்ளினதை வரும்போது தடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? கணக்கே போட்டுவிடுகிறேன். தூரம் 233, காற்று நொடிக்கு 5 மீட்டர். எதிர்க்காற்றில் 233-ஐ 345-ஆல் வகுத்தால் 0.6754. பின்காற்றில் 355-ஆல் வகுத்தால் 0.6563. மொத்தம் 1.3317. காற்றே இல்லாவிட்டால் 1.3314. வித்தியாசம் தூரத்தில் ஐந்து சென்டிமீட்டர்.

ஒரு வழிப் பயணத்தில்தான் காற்று வம்பு பண்ணும். சென்னை வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்காம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கிச் சத்தம் தம் இடத்துக்கு வந்து சேரும் நேரத்தை அளந்து, 1823-ல் ஒலியின் வேகத்தை வெளியிட்டார். அங்கே பிரதிபலிப்பு கிடையாது, நேரே வரும் சத்தம். காற்று எந்தத் திசை என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். எதிரொலியில் அந்தத் தொல்லை இல்லை. காற்றால் எதிரொலி மங்கிக் கேட்கலாம், அது வேறு விஷயம்.

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 11, காலை 9.30

வெப்பநிலையைத் தப்பாக வைத்தேனோ என்று ராத்திரி பூரா யோசனை. ஒரு டிகிரிக்கு வேகம் 0.6 மீட்டர் மாறும். 1.334 நொடியை வைத்துக்கொண்டு 221 மீட்டர் வர வேண்டுமென்றால் வேகம் 331 ஆக இருக்க வேண்டும். அதாவது 0 டிகிரி. செஞ்சியில் ஐஸ் கட்டியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. வெப்பம் தப்பென்றால் மூன்று விடைகளும் சேர்ந்து ஒரே அளவில் நகரும். இங்கே நேரமே வேறு வேறு. 1.265-க்கும் 1.334-க்கும் காரணம் காற்றிலும் இல்லை, வெயிலிலும் இல்லை. நான்தான் எதையோ தப்பாகச் செய்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை தையல் | பிப்ரவரி 11, மதியம் 2.15

எனக்கு இந்த நொடிக் கணக்கெல்லாம் தெரியாது, மகளுடைய வீட்டுப்பாடத்துக்காகப் படித்துக்கொண்டு வந்தேன். ஒன்று கேட்கிறேன். சட்டையில் 7 பட்டன் வைத்தால் இடைவெளி 6. நீங்கள் 20 அடி அடித்தேன் என்கிறீர்கள். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை 25.3 என்றால், அதை 20-ஆல் ஏன் வகுத்தீர்கள்?

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 11, மதியம் 2.31

அக்கா.

25.3-ஐ 19-ஆல் வகுத்தால் 1.3316. தூரம் 233.

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 11, மதியம் 2.50

மானம் போன பிறகு விவரமாகவே சொல்லிவிடுகிறேன். மகன் ஸ்டாப்வாட்சை அழுத்தியதும் நான் "ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டே அடித்தேன். "இருபது" என்றதும் அவன் நிறுத்தினான். அந்த "ஒண்ணு"-க்கு முன்னால் எந்த இடைவெளியும் கிடையாது. பத்து அடியோடு நிறுத்தியிருந்தால் பத்தில் ஒரு பங்கு குறைந்து, 210 மீட்டர் என்று சொல்லியிருப்பேன். மேப்பில் 229 என்று வந்ததால், 221-ம் 233-ம் இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, பரவாயில்லை என்று இரண்டையும் சேர்த்து சராசரி எடுக்கப் போனேன். எடுத்திருந்தால் 227. அழகாக மேப்போடு ஒட்டியிருக்கும், தப்பு கடைசி வரை தெரிந்திருக்காது.

வில்லியனூர் வாத்தியார் | பிப்ரவரி 11, மாலை 5.05

நான் இதைப் பார்க்கவில்லையே என்று எனக்குத்தான் வெட்கம். முப்பது வருஷம் ஊசல் சோதனையில் பிள்ளைகளிடம் "பூஜ்ஜியத்திலிருந்து எண்ணு" என்று கத்தியவன் நான். பூஜ்ஜியம் என்று சொல்லி வாட்சை அழுத்துங்கள், இருபது என்று சொல்லி நிறுத்துங்கள். 20 இடைவெளி கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எதிரொலி அடிக்குள் ஒளியும் வரை பொருத்துவது எளிது, ஆனால் ஒளிந்துவிட்ட பிறகு அது கொஞ்சம் முந்துகிறதா பிந்துகிறதா என்று காதுக்குத் தெரியாது. கிட்டத்தில் நிற்கும்போது எதிரொலியை இரண்டு அடிகளுக்கு நடுவில் விழ வையுங்கள். டக், எதிரொலி, டக், எதிரொலி என்று சம இடைவெளியில் கேட்க வேண்டும். அப்போது அடிக்கு அடி உள்ள நேரம் எதிரொலி நேரத்தைப் போல இரண்டு மடங்கு. 50 மீட்டரில் எதிரொலி 0.29 நொடியில் வந்துவிடும், அந்த வேகத்தில் யாராலும் ஒழுங்காக அடிக்க முடியாது. இரண்டு மடங்கு என்றால் முடியும்.

லாஸ்பேட்டை தையல் | பிப்ரவரி 11, இரவு 7.40

சரி சார், இப்போது என் கேள்வி. மகளுடைய புத்தகத்தில் எதிரொலி கேட்க 17 மீட்டர் வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு கிடங்குச் சுவர் இருக்கிறது. மொட்டை மாடியில் வைத்திருந்த துணி டேப்பால் 17 மீட்டர் அளந்து நின்று இவள் "அம்மா" என்று கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. புத்தகம் பொய்யா?

வில்லியனூர் வாத்தியார் | பிப்ரவரி 11, இரவு 8.25

"அம்மா" என்று கத்தி முடிக்கவே அரை நொடி ஆகும். 17 மீட்டரிலிருந்து எதிரொலி 0.1 நொடியில் வந்துவிடும். அவள் "அம்" சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்து கலந்துவிட்டது. அந்த 0.1 நொடியும் காதைப் பற்றிய தோராயமான கணக்குதான், சுவரில் கோடு போட்ட மாதிரி எல்லை இல்லை. சட்டம் மோதும் சத்தம் மாதிரி சுருக்கமாக இருந்தால் அதைவிடக் கிட்டத்திலும் பிரிந்து கேட்கும். கத்தச் சொல்லாதீர்கள், இரண்டு மரத்துண்டு கொடுங்கள்.

லாஸ்பேட்டை தையல் | பிப்ரவரி 12, காலை 7.10

வெட்டுக் கட்டையும் அடிஸ்கேலும் கொடுத்தேன். கேட்டது. கிடங்கு வாட்ச்மேனுக்கும் கேட்டுவிட்டது, அதனால் இரண்டே தடவை.

செம்மண் பைக்கர் | பிப்ரவரி 12, காலை 8.00

கடலூர்க்காரர்கள் செஞ்சி வரை ஏன் போகணும்? கேப்பர் மலை பக்கத்திலேயே இருக்கே.

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 12, காலை 8.20

போன மாதமே அங்கே போய் அடித்துப் பார்த்தாயிற்று. மலை வாயே திறக்கவில்லை. புதுச்சேரி பீச்சில் அடித்தாலும் வங்கக் கடல் இதே மரியாதையைத்தான் கொடுக்கும்.

முதுநகர் என்ஜின் | பிப்ரவரி 12, காலை 11.45

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் ஸ்கிரீனில் அடியில் பாறை என்றால் கோடு பளிச்சென்று நிற்கும். சில நேரம் அதே கோடு இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு தடவையும் தெரியும், சத்தம் மேலே போட்டுக்கு வந்து மறுபடி கீழே போய் வருவதால். சேறு என்றால் மங்கல். கேப்பர் மலை செம்மண் சரிவு, மேலே முந்திரி மரம். சேறும் பாசியும் மாதிரிதான். சரிவாக வேறு இருப்பதால் திரும்பும் கொஞ்ச நஞ்சமும் வானத்தைப் பார்த்துப் போய்விடும்.

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 16, இரவு 9.15

ஞாயிறு மறுபடி போனோம். இந்தத் தடவை 50 மீட்டர் டேப், கண்ணைக் கட்டத் துண்டு.

கண்ணைக் கட்டிய ஸ்டாப்வாட்ச்: பத்து அளவுகளின் சராசரி 1.36. வாத்தியார் சொன்னது பலித்தது. ஆனால் ஒவ்வொன்றும் 1.25-க்கும் 1.48-க்கும் நடுவே தாறுமாறாகச் சிதறியது. ஒரே ஒரு அளவை மட்டும் நம்பினால் போச்சு.

அப்புறம் 350 என்ற வேகத்தையே நம்பாமல் அளந்து பார்த்தேன். பழைய இடத்தில் ஒரு பதிவு, பாறையை நோக்கி டேப் பிடித்து 50 மீட்டர் நடந்து இன்னொரு பதிவு. 1.332 நொடி, 1.046 நொடி. வித்தியாசம் 0.286. இந்த நேரத்தில் ஒலிக்கு மிச்சமான நடை, போகும்போது 50, வரும்போது 50. அதனால்:

```
v = 100 / 0.286 = 349.7
d = 349.7 × 1.332 / 2 = 232.9
```

தெர்மாமீட்டரே வேண்டாம்.

இரண்டு சங்கதி இடறியது. மகன் முதலில் பதிவை வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாகவே எடுத்து எனக்கு அனுப்பினான். அதில் அடி மட்டும் இருந்தது, எதிரொலி இல்லை. பின்னணிச் சத்தம் என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டது போலிருக்கிறது. ரெக்கார்டர் ஆப்பில் சத்தம் குறைக்கும் அமைப்பை அணைத்துவிட்டு எடுத்ததில்தான் வந்தது. இன்னொன்று, போன் என் காலடியில் இருந்தால் அடியின் சத்தத்தில் பதிவு முட்டி நிற்கிறது. அதனால் போனை வரப்பில் வைத்துவிட்டு நான் பத்தடி பின்னால் போய் அடித்தேன். இதனால் தூரம் கெடாதா?

வில்லியனூர் வாத்தியார் | பிப்ரவரி 17, காலை 6.30

கெடாது, ஆனால் எந்த இடத்திலிருந்து அளக்கிறீர்கள் என்பது மாறும். நீங்கள், போன், பாறை மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால், போனைத் தாண்டிப் போன சத்தம் பாறையில் பட்டுப் போனுக்கே வருகிறது. பதிவில் தெரியும் இடைவெளி போனிலிருந்து பாறைக்குள்ள தூரத்துக்கு உரியது. நீங்கள் பத்தடி பின்னால் நின்றாலும் இருபதடி பின்னால் நின்றாலும் அதே எண். டேப்பைப் போன் இருந்த இடத்திலிருந்து பிடித்திருந்தால் சரி.

இன்னொரு எச்சரிக்கை. 50 மீட்டரில் டேப் வரப்பு மேல் ஏறி இறங்கி 30 சென்டிமீட்டர் கூடினாலே வேகத்தில் 2 மீட்டர் தப்பு வரும். உங்களுக்கு 349.7 என்று அழகாக வந்தது கொஞ்சம் அதிர்ஷ்டம். இடம் இருந்தால் 100 மீட்டர் நடங்கள்.

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 17, காலை 7.05

போன் இருந்த வரப்பிலிருந்துதான் பிடித்தேன், தப்பித்தேன். ஆனால் மேப்பில் கோடு இழுத்தது நான் நின்ற இடத்திலிருந்தா, போன் இருந்த இடத்திலிருந்தா என்று முதல் நாள் விஷயம் ஞாபகம் இல்லை. பத்தடி என்றால் 3 மீட்டர். 229-க்கும் 233-க்கும் உள்ள சண்டையே 4 மீட்டர்தான்.

செம்மண் பைக்கர் | பிப்ரவரி 17, காலை 9.40

மேப் தரையில் படுத்த தூரம் காட்டும். சத்தம் சாய்வாக மேலே போயிருக்கும். அடிவாரம் முழுக்கப் புதர் இருக்கு, மேலேதான் மொட்டைப் பாறை. 40 மீட்டர் உயரத்திலிருந்து பதில் வந்தது என்று வைத்தால் 232.5 வருது. போட்டுப் பார்த்தேன்.

வில்லியனூர் வாத்தியார் | பிப்ரவரி 17, காலை 10.15

கணக்கு சரி தம்பி, இந்தத் தடவை முழுசும் சரி. ஆனால் சத்தம் 40 மீட்டர் உயரத்திலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி? செயற்கைக்கோள் படத்தில் செங்குத்துப் பாறை ஒரு பக்கம் சாய்ந்து தெரியும், நாலு மீட்டர் அதிலேயே போகலாம்.

முதுநகர் என்ஜின் | பிப்ரவரி 17, மதியம் 1.20

பதிவில் எதிரொலி ஒரே குத்தா, இல்லை மேடு மேடாகவா?

மஞ்சக்குப்பத்தான் | பிப்ரவரி 17, இரவு 9.50

இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் குத்துக்குப் பிறகு 0.06 நொடியில் சின்னதாக இன்னொரு மேடு இருக்கிறது. ஆறு பதிவில் ஐந்தில் அதே இடத்தில். முதல் பாறைக்குப் பத்தரை மீட்டர் பின்னால் இன்னொன்று பதில் சொல்கிறது. படியா, பிளவா?

செம்மண் பைக்கர் | பிப்ரவரி 23, மாலை 6.10

இன்றைக்கு அந்தப் பக்கம் வண்டி ஓட்டினேன், போய்ப் பார்த்துவிட்டேன். வலது கைப் பக்கம் ஒரு பிளவு உள்ளே போகுது, கடைசியில் இன்னொரு சுவர். எவ்வளவு ஆழம் என்று அளக்க முடியவில்லை, வாயை அடைத்து முள் புதர். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், போன வாரமும் இரண்டு பேர் வந்து கட்டையை அடித்தார்கள், குரங்கு விரட்டவா என்று கேட்டார். மலையை அளக்க என்றேன். அந்தப் பிளவுக்குள் ஆடு போய்விட்டால் அவர் கூப்பிடும் குரல் இரண்டாகக் கேட்கும் என்றார்.